தேவாலய வாசகங்களின் மூன்றாண்டுச் சுற்று



தலைநகரில் பல ஆண்டுகளாக வசிக்கும் நாகர்கோவில் பக்கத்துச் செவிலி ஒருவர் எங்கள் குடும்பத்திற்கு நன்கு அறிமுகமானவர். மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்தபின் காலைத் திருப்பலிக்குச் செல்வதும், அழைத்தால் பீடத்தருகே நின்று அன்றைய வேதவாசகத்தைப் படிப்பதும் அவருடைய வழக்கம். 2023ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி, திங்கட்கிழமை, அவருக்கு அளிக்கப்பட்ட பகுதி யாத்திராகமத்தின் முதல் அதிகாரம். இக்காலத் தமிழ்ப் பெயர்ப்பில் அந்நூலுக்கு ‘விடுதலைப் பயணம்’ என்று பெயர். எகிப்து நாட்டில் புதிய அரசன் ஒருவன் தோன்றி, இஸ்ரவேலரைக் கொடிய வேலையால் ஒடுக்கினான் என்பதில் தொடங்கி, பிறக்கும் ஆண் குழந்தைகளையெல்லாம் நைல் நதியில் எறியுமாறு அவன் கட்டளையிட்டான் என்பதோடு அவ்வாசகம் முடிந்தது. வீடு திரும்பியதும் அவர் தம்முடைய வேதப் புத்தகத்தில் அதே அதிகாரத்தைப் புரட்டினார். இடையில் ஏழு வசனங்கள் படிக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அந்த ஏழு வசனங்களும் சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகளைப் பற்றியவை. ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிட வேண்டும் என்று அரசன் இட்ட ஆணையை அவர்கள் மீறினார்கள். குழந்தைகளை உயிரோடு காப்பாற்றினார்கள்.

மாலையில் அவர் எங்கள் வீட்டிற்கு வந்து, “அண்ணாச்சி, அரசனுடைய பெயரைக்கூட அந்த அதிகாரம் சொல்லவில்லை. எங்கள் தொழிலைச் செய்த இரண்டு பெண்களின் பெயரைச் சொல்லுகிறது. அந்தப் பெயர்களை யார் எடுத்தார்கள்?” என்று கேட்டார்.

நான் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன். மூலத்தில் உள்ள ஒரு வரி பெயர்ப்பில் காணாமற்போனால் அதற்குக் காரணம் கேட்பது எங்கள் தொழில் தர்மம். ஆகவே அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. தேவாலயங்களில் எந்த நாளில் எந்தப் பகுதி படிக்கப்பட வேண்டும் என்பதை யார், எப்போது, எந்த முறையில் வகுத்தார்கள் என்பதை அறிந்தாலன்றி அதற்கு விடை கிடைக்காது. இந்த உரை அதைப் பற்றியதே.

கூடிவந்த மக்கள் முன்னிலையில் வேதம் படிப்பது கிறிஸ்தவ சமயத்தின் தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம். ஜஸ்டின் என்னும் அறிஞர் இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் எழுதிய நூலொன்றில், ஞாயிறுதோறும் சபை கூடும்போது அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் நூல்களையோ நேரம் இடங்கொடுக்கும் அளவுக்குப் படிப்பார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். அக்காலத்தில் அளவை நிர்ணயித்தது நேரமே. நாளடைவில் ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரு பகுதி என்ற வழக்கம் ஏற்பட்டு, அது பட்டியலாக உருப்பெற்றது. 1570ஆம் ஆண்டில் ரோமைத் திருச்சபை வெளியிட்ட திருப்பலி நூல் அந்தப் பட்டியலை உறுதிப்படுத்திற்று. அதன் பிறகு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அதுவே நடைமுறையில் இருந்தது.

அந்தப் பழைய முறை ஓராண்டுச் சுற்று. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு வாசகங்கள்: பெரும்பாலும் அப்போஸ்தலர் நிருபம் ஒன்று, சுவிசேஷம் ஒன்று. அடுத்த ஆண்டு அதே ஞாயிறு வந்தால் அதே இரண்டு பகுதிகள் மீண்டும் வரும். சாதாரண வார நாள்களுக்குப் பெரும்பாலும் தனி வாசகம் கிடையாது. தவக்காலம் மட்டுமே இதற்குப் பெரிய விலக்கு. மற்ற நாள்களில் புனிதர் ஒருவரின் நினைவுக்குரிய பகுதியோ, முந்திய ஞாயிற்றின் பகுதியோ மறுபடியும் படிக்கப்பட்டது. ஞாயிறுகளையும் பெருவிழாக்களையும் கணக்கிட்டால், சங்கீதங்கள் நீங்கலாகப் பழைய ஏற்பாட்டில் நூற்றில் ஒரு பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குமே மக்கள் காதில் விழுந்தன.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காட்டலாம். தந்தையின் சொத்தில் தன் பங்கைப் பெற்றுச் சென்று, அதை அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகனின் உவமை உலகப் பிரசித்தம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் இந்தக் ‘கெட்ட குமாரன்’ கதை பழைய பட்டியலில் எந்த ஞாயிற்றுக்கும் இடம்பெறவில்லை. தவக்காலத்தின் இரண்டாம் வாரத்துச் சனிக்கிழமைக்கு மட்டும் அது குறிக்கப்பட்டிருந்தது. வாரம் ஆறு நாளும் வயலிலோ ஆலையிலோ உழைத்து, ஞாயிறு மட்டும் கோயிலுக்கு வந்த ஒரு மனிதன், எண்பது ஆண்டு வாழ்ந்தாலும் ஞாயிறு வாசகத்தில் அக்கதையைக் கேட்டிருக்க முடியாது.

இந்நிலையை மாற்றியது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி அச்சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனத்தின் 51ஆம் பிரிவு, வேதத்தின் கருவூலம் மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்றும், குறித்த சில ஆண்டுகளுக்குள் அதன் முக்கியமான பகுதிகள் படிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. எத்தனை ஆண்டுகள் என்று சாசனம் கூறவில்லை. அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு ஒரு தனிக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழு பழைய பட்டியல்களையும் பிற சபைகளின் பட்டியல்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. வேத அறிஞர்கள் முப்பத்தொரு பேரிடம் தகுந்த பகுதிகளைத் தெரிந்தெடுக்குமாறு கேட்டது. 1967ஆம் ஆண்டில் ஒரு வரைவைத் தயாரித்து ஏறத்தாழ எண்ணூறு பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. இறுதியில் 1969ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி புதிய வாசக ஒழுங்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் தேதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றிலிருந்து, அது நடைமுறைக்கு வரத் தொடங்கிற்று.

அந்த ஒழுங்கு அடிப்படையில் ஓர் அட்டவணைதான். இன்ன நாளுக்கு இன்ன நூல், இன்ன அதிகாரம், இன்ன வசனம் என்ற குறிப்பே அதில் இருந்தது. வாசகத்தின் சொற்களை ஒவ்வொரு மொழியினரும் தத்தம் வேதப் பெயர்ப்பிலிருந்து எடுத்து அமைத்துக்கொண்டார்கள். இதனால்தான் டெல்லியிலோ பம்பாயிலோ ஒரே கோயிலில் தமிழில் ஒரு திருப்பலியும் இந்தியில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் நடக்கும்போது, மொழி மூன்றானாலும் வாசகம் ஒன்றாகவே இருக்கிறது. ஊரிலிருக்கும் தாயாரும் வடக்கே பணியிலிருக்கும் மகனும் ஒரே நாளில் ஒரே பகுதியைக் கேட்க முடிகிறது.

சுற்றுக்கு மூன்றாண்டு என்று எவ்வாறு முடிவாயிற்று? சுவிசேஷங்கள் நான்கு. அவற்றில் மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே வரிசையில் ஒரே சரித்திரத்தைக் கூறுகின்றன. யோவான் எழுதியது அமைப்பிலும் நடையிலும் வேறானது. அது தொன்றுதொட்டுத் தவக்காலத்தின் பிற்பகுதிக்கும் உயிர்ப்புக் காலத்துக்கும் உரியதாக இருந்து வந்தது. ஆகவே முதல் மூன்றுக்கும் தலைக்கு ஓர் ஆண்டு என்று பிரித்துக் கொடுத்து, யோவானை ஒவ்வோர் ஆண்டும் அதன் பழைய இடத்திலேயே வைத்தார்கள். மத்தேயுவின் ஆண்டு முதல் ஆண்டு, மாற்குவின் ஆண்டு இரண்டாம் ஆண்டு, லூக்காவின் ஆண்டு மூன்றாம் ஆண்டு.

இது எந்த ஆண்டு என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆண்டின் எண்ணை மூன்றால் வகுக்க வேண்டும். மீதியின்றி வகுபட்டால் அது லூக்காவின் ஆண்டு, மீதி ஒன்றானால் மத்தேயு, இரண்டானால் மாற்கு. 2025 மீதியின்றி வகுபடும். ஆகவே அது லூக்காவுக்கு உரியது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்காம் ஞாயிற்றில், நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ தொடங்குகிறது. அந்த ஞாயிற்றிலிருந்தே அடுத்த ஆண்டின் எண்ணைக் கொண்டு கணக்கிட வேண்டும். 1969 நவம்பரில் தொடங்கிய முதற் சுற்று 1970ஆம் ஆண்டுக்கு உரியது. 1970ஐ மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு. எனவே புதிய முறை மத்தேயுவில் தொடங்காமல் இடையிலுள்ள மாற்குவில் தொடங்கிற்று!

ஞாயிற்றுக்கு இப்போது மூன்று வாசகங்கள். முதலாவது பழைய ஏற்பாட்டிலிருந்து. அதனை அடுத்து ஒரு சங்கீதம் பதிலுரையாகப் பாடப்படும். இரண்டாவது அப்போஸ்தலர் நிருபங்களிலிருந்து. மூன்றாவது சுவிசேஷம். உயிர்ப்புக் காலத்தில் மட்டும் பழைய ஏற்பாட்டின் இடத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் வரும். இவற்றைத் தெரிந்தெடுப்பதில் இரண்டு விதிகள் கையாளப்பட்டன. திருவிழாக் காலங்கள் நீங்கிய பொதுக் காலத்தில் சுவிசேஷமும் நிருபமும் தொடர்கதைபோல அத்தியாயம் அத்தியாயமாகச் செல்லும். சில இடங்களை விட்டாலும் வரிசை மாறாது. முதல் வாசகமோ அவ்வாறு தொடராது. அன்றைய சுவிசேஷத்தோடு பொருந்தும் ஒரு பகுதி பழைய ஏற்பாட்டின் எந்த மூலையிலிருந்தேனும் எடுத்துவரப்படும். ஆகவே முதலாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும்; நடுவிலுள்ளது தன் வழியே போய்க்கொண்டிருக்கும். மூன்றையும் ஒரே சரட்டில் கோக்க முயலும் பிரசங்கியார் பலமுறை இடர்ப்படுவது இதனால்தான்.

2024ஆம் ஆண்டின் கோடை காலத்தை எடுத்துக்கொண்டு இதைக் கண்கூடாகப் பார்ப்போம். அது மாற்குவின் ஆண்டு. மாற்கு எழுதியது பதினாறே அதிகாரம். மத்தேயுவுக்கு இருபத்தெட்டு, லூக்காவுக்கு இருபத்து நான்கு. ஓராண்டின் ஞாயிறுகளை நிரப்ப மாற்கு போதாது. அந்தக் குறையை நிரப்ப யோவானின் ஆறாம் அதிகாரத்தை ஐந்து ஞாயிறுகளுக்குப் பிரித்து வைத்தார்கள். இடத்தையும் ஆராய்ந்தே தெரிந்தெடுத்தார்கள். ஜூலை 21ஆம் தேதி, பொதுக் காலத்தின் பதினாறாம் ஞாயிறு, மாற்கு ஆறாம் அதிகாரத்தில், மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் நின்ற கூட்டத்தைக் கண்டு இயேசு மனம் உருகிய இடத்தோடு வாசகம் நிற்கிறது. மாற்குவில் அடுத்து வருவது ஐயாயிரம் பேருக்கு உணவளித்த செய்தி. அந்த இடத்தில் மாற்குவை நிறுத்திவிட்டு, அதே செய்தியை ஜூலை 28ஆம் தேதி யோவான் வாயிலாகக் கேட்கச் செய்கிறார்கள்.

அன்றைய முதல் வாசகம் அரசர்களின் இரண்டாம் புத்தகத்தில் நான்காம் அதிகாரம்: எலிசா தீர்க்கதரிசி இருபது வாற்கோதுமை அப்பங்களால் நூறு பேரைப் பசியாற்றிய வரலாறு. நான்கு சுவிசேஷக்காரர்களிலும் யோவான் ஒருவரே அந்த ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்கள் என்று குறிப்பிடுகிறார். இரண்டு வாசகங்களையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு அந்தச் சிறு சொல் ஒரு திறவுகோலாகிறது. ஆகஸ்ட் 4ஆம் தேதி பாலைவனத்தில் மன்னா பொழிந்த கதை. 11ஆம் தேதி களைத்து வீழ்ந்த எலியாவுக்குத் தூதன் அடை கொடுத்த கதை. 18ஆம் தேதி ஞானம் என்னும் பெண் விருந்து படைத்து அழைக்கும் நீதிமொழிப் பகுதி. 25ஆம் தேதி, யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள் என யோசுவா மக்களைக் கேட்கும் பகுதி. அந்த இறுதி நாளின் சுவிசேஷத்தில் சீடர் பலர் இயேசுவை விட்டுப் பிரிந்து போகிறார்கள். பன்னிருவர் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டியவராகிறார்கள். யோசுவாவின் கேள்வி அங்கே பொருந்துகிறது. செப்டம்பர் முதல் தேதி மாற்குவின் ஏழாம் அதிகாரம் தொடர்கிறது. இந்த ஐந்து வாரமும் நடுவாசகமாகிய எபேசியர் நிருபம் நான்காம் அதிகாரத்திலிருந்து ஐந்தாம் அதிகாரத்துக்குத் தன்பாட்டில் நடந்து சென்றது.

ஐந்து வாரம் தொடர்ந்து அப்பத்தைப் பற்றியே பேசுவது எவ்வாறு என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை குருமார் சலித்துக்கொள்வது உண்டு. முதல் வாசகங்கள் ஐந்தையும் முன்கூட்டியே வரிசையாகப் படித்துப் பார்த்தவருக்கு அந்தச் சலிப்பு பெரிதும் குறையும். பசி, வழியுணவு, விருந்து, முடிவு என்று அவை படிப்படியாக ஏறிச் செல்கின்றன.

இனி வார நாள்களுக்கு வருவோம். அவற்றின் சுற்று முற்றிலும் வேறானது. பொதுக் காலத்தின் வார நாள்களில் சுவிசேஷம் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றே: முதல் ஒன்பது வாரம் மாற்கு, பத்தாம் வாரத்திலிருந்து இருபத்தோராம் வாரம் வரை மத்தேயு, அதன்பின் முப்பத்து நான்காம் வாரம் வரை லூக்கா. முதல் வாசகம் மட்டும் இரண்டு ஆண்டுச் சுற்று. ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒரு வரிசை, இரட்டைப்படை ஆண்டுக்கு மற்றொரு வரிசை. நம் செவிலி அம்மையார் யாத்திராகமம் படித்த 2023 ஒற்றைப்படை ஆண்டு; 2024இல் அதே வாரத்தில் அவர் வேறொரு நூலைக் கேட்டிருப்பார். ஞாயிறும் வார நாளும் சேர்ந்தால் இன்று புதிய ஏற்பாட்டில் நூற்றுக்கு எழுபதுக்கு மேலும், பழைய ஏற்பாட்டில் சங்கீதங்கள் நீங்கலாகப் பதின்மூன்றுக்குச் சற்று மேலும் படிக்கப்படுகிறது.

வார எண்ணிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. இதை அறியாமல் பக்கத்தைத் தவறாகப் புரட்டியவர்கள் பலர். பொதுக் காலம் ஒரே நீட்சியாக வருவதில்லை. ஜனவரியில் தொடங்கித் திருநீற்றுப் புதனுக்கு முந்திய நாளோடு நின்றுவிடும். தவக்காலமும் உயிர்ப்புக் காலமும் கழிந்து பெந்தெகொஸ்து பெருவிழாவுக்கு மறுநாள் மீண்டும் தொடங்கும். விட்ட இடத்தின் அடுத்த எண்ணிலிருந்து தொடங்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் விதி அதுவன்று. ஆண்டின் கடைசி வாரம் எப்போதும் முப்பத்து நான்காம் வாரமாக இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிவர வேண்டும். 2025ஆம் ஆண்டில் மார்ச் 5ஆம் தேதி தவக்காலம் தொடங்கியபோது நடந்துகொண்டிருந்தது எட்டாம் வாரம். ஜூன் 8ஆம் தேதி பெந்தெகொஸ்து. மறுநாள் தொடங்கியது ஒன்பதாம் வாரமன்று, பத்தாம் வாரம். ஒன்பதாம் வாரத்தின் வாசகங்கள் அவ்வாண்டு எங்கும் படிக்கப்படவில்லை. உயிர்ப்புப் பெருநாள் சந்திரனைப் பின்பற்றி நகர்வதால் சில ஆண்டுகளில் இவ்வாறு ஒரு வாரம் மறைகிறது. இறுதிக் காலத்தைப் பற்றிய வாசகங்கள் ஆண்டின் இறுதியில் கட்டாயம் வர வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்படும் விலை இது.

வாரம் மறைவது நாள்காட்டியின் செயல். வசனம் மறைவதோ மனிதரின் தேர்வு. வாசகக் குறிப்பை உற்று நோக்கினால் இத்தேர்வு கண்ணுக்குத் தெரியும். அந்தத் திங்கட்கிழமையின் குறிப்பு, யாத்திராகமம் 1: 8–14, 22 என்பது. பதினான்குக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் நிற்கும் காற்புள்ளிதான் அடையாளம். இவ்வாறு காற்புள்ளி வரும் இடத்திலெல்லாம் ஏதோ தாண்டப்பட்டிருக்கிறது என்று பொருள். வாசகத்தைக் காதால் கேட்பவருக்கு அது தெரியாது. படிப்பவர் இடைவெளி விடாமல் படித்துச் செல்வார். இரண்டு கரைகளும் ஒட்டப்பட்டுவிடும்.

ஒழுங்கை வகுத்தவர்கள் இதை மறைவாகச் செய்யவில்லை. அட்டவணையின் முன்னுரையிலேயே தங்கள் அளவுகோல்களைக் கூறியிருக்கிறார்கள். மிக நீண்ட பகுதிகளைச் சுருக்கலாம். பெரும் விளக்கம் வேண்டும் கடினமான பகுதிகளை ஞாயிறுகளில் தவிர்க்கலாம். பொருள் சிதையாதிருந்தால், மிகுந்த எச்சரிக்கையோடு சில வசனங்களை இடையில் நீக்கலாம். மேற்படி வாசகத்தை அந்த அளவுகோலால் அளந்தால், அடிமைத்தனம் எவ்வாறு தொடங்கிற்று, குழந்தைகள் ஏன் ஆற்றில் எறியப்பட்டார்கள் என்னும் நேர்க்கோடு அறுபடவில்லை என்பது உண்மை. மறுநாள் செவ்வாய்க்கிழமை மோசே பிறந்து நாணற்பெட்டியில் வைக்கப்படும் கதை வருகிறது. கதை புரியத்தான் செய்கிறது. ஆனால் அரசனின் ஆணைக்கு எதிராக முதலில் நின்றவர்கள் மோசேயல்லர், அந்த இரண்டு பெண்கள் என்பது கேட்பவருக்குத் தெரியாமற் போகிறது. அரசன் ஆற்றில் எறியச் சொன்னதற்குக் காரணமும் மங்கிவிடுகிறது. மருத்துவச்சிகளை வைத்து இரகசியமாகச் செய்ய நினைத்த கொலை நிறைவேறாததால்தான் அவன் ஊரறியக் கட்டளையிட்டான். கதையின் பொருள் சிதையவில்லை என்று இவ்விடத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இத்தகைய மனக்குறை பிற சபைகளிலும் எழுந்தது. அங்கே அது ஒரு மாற்று ஏற்பாட்டுக்கும் வழிகோலிற்று. ரோமைத் திருச்சபையின் புதிய ஒழுங்கு வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அமெரிக்காவின் பிரஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன், லுத்தரன் சபைகள் அதைத் தழுவித் தத்தமக்கென மூன்றாண்டுப் பட்டியல்களை அமைத்துக்கொண்டன. நானூறு ஆண்டு பிரிந்திருந்த சபைகள் ஞாயிறு வாசகத்தில் ஏறக்குறைய ஒன்றுபட்டது ஒரு வரலாற்று நிகழ்ச்சி. ஆனால் பட்டியலுக்குப் பட்டியல் சிறு வேற்றுமைகள் இருந்தன. அவற்றை இணைக்க வட அமெரிக்காவில் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடிய குழு ஒன்று 1983ஆம் ஆண்டில் பொதுவாசகப் பட்டியல் ஒன்றைச் சோதனைக்காக வெளியிட்டது. கத்தோலிக்கரும் அக்குழுவில் இருந்தார்கள். ஒன்பது ஆண்டுச் சோதனைக்குப்பின், 1992ஆம் ஆண்டில், திருத்திய பொதுவாசகப் பட்டியல் வெளிவந்தது.

அதிலுள்ள முக்கியமான மாற்றம் முதல் வாசகத்தைப் பற்றியது. பழைய ஏற்பாட்டை எப்போதும் சுவிசேஷத்தின் நிழலாகவே துண்டு துண்டாகக் கேட்டால், ஆபிரகாமையோ தாவீதையோ பற்றிய தொடர்ந்த வரலாறு மக்களுக்குத் தெரியாமலே போய்விடும் என்று அவர்கள் கருதினார்கள். பெண்களைப் பற்றிய பகுதிகள் பல விடுபட்டிருக்கின்றன என்பதும் எடுத்துச் சொல்லப்பட்டது. ஆகவே பெந்தெகொஸ்துக்குப் பின்வரும் ஞாயிறுகளுக்கு இரண்டு பாதைகளை வகுத்தார்கள். ஒன்று, சுவிசேஷத்தோடு பொருந்தும் பழைய பாதை. மற்றொன்று, தொடர்கதையாகச் செல்லும் புதிய பாதை: மத்தேயுவின் ஆண்டில் ஆதியாகமத்தின் முன்னோரும் மோசேயும்; மாற்குவின் ஆண்டில் தாவீதின் அரசும் ஞான நூல்களும்; லூக்காவின் ஆண்டில் தீர்க்கதரிசிகள். எந்தப் பாதை என்பதை அந்தந்தச் சபை தெரிந்தெடுக்கலாம். வாரத்திற்கு வாரம் மாறி மாறித் தாவுவது மட்டும் தகாது.

2023 மத்தேயுவின் ஆண்டு. தொடர்கதைப் பாதையைத் தெரிந்தெடுத்த சபைகளில் அவ்வாண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, படிக்கப்பட்ட முதல் வாசகம் யாத்திராகமம் முதல் அதிகாரம் எட்டாம் வசனத்திலிருந்து இரண்டாம் அதிகாரம் பத்தாம் வசனம் வரை. நடுவில் காற்புள்ளி இல்லை. சிப்பிராளும் பூவாளும் தங்கள் பெயரோடு அங்கே நின்றார்கள். ஜூலையில் ஒரு கோயிலில் மறைந்த ஏழு வசனங்கள், ஆறு வாரத்திற்குள் வேறு கோயில்களில், அதுவும் எல்லோரும் கூடும் ஞாயிற்றுக்கிழமையில், உரக்கப் படிக்கப்பட்டன.

இந்தப் பட்டியலுக்கு 2005ஆம் ஆண்டில் வார நாள் வாசகங்களும் சேர்க்கப்பட்டன. அவற்றின் அமைப்பு கத்தோலிக்க முறையிலிருந்து வேறுபட்டது. வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாளும் வரப்போகும் ஞாயிற்றுக்கு ஆயத்தம்; திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாளும் கழிந்த ஞாயிற்றின் சிந்தனை. கத்தோலிக்க வார நாள் வாசகம் ஞாயிற்றோடு தொடர்பின்றித் தன் நூலைத் தொடர்ந்து செல்லும் ஓடை. இதுவோ ஞாயிறு என்னும் குளத்தைச் சுற்றி வரும் கரை. முன்னதில் ஒரு நூலை வரிசையாகக் கேட்கும் பயன் உண்டு. பின்னதில் ஞாயிற்று வாசகம் வாரம் முழுவதும் மனத்தில் தங்கும் பயன் உண்டு.

எந்தப் பட்டியலும் முழு வேதத்தையும் அடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடர்கதைப் பாதையும் பல அதிகாரங்களைத் தாண்டித்தான் போகிறது. எல்லாச் சபைகளும் மூன்றாண்டுச் சுற்றை ஏற்றுக்கொண்டன என்பதும் இல்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் தங்கள் பழைய ஓராண்டு முறையையே பின்பற்றுகின்றன. கேரளத்தின் சீரோ மலபார் கத்தோலிக்கர் ரோமைத் திருச்சபையோடு ஐக்கியமாயிருந்தும், தங்களுக்கே உரிய காலப் பிரிவுகளையும் வாசகங்களையும் உடையவர்கள். ஆகையால் ஒரே நகரில், அண்டை வீட்டுத் தமிழரும் மலையாளியும் கத்தோலிக்கராகவே இருந்தும், ஒரே ஞாயிற்றில் வெவ்வேறு வாசகங்களைக் கேட்டு வரக்கூடும். அதில் யாருடைய பிழையும் இல்லை.

இவ்வளவையும் அறிந்தபின் அந்தச் செவிலியிடம் என் விடையைச் சொன்னேன். அப்பெயர்களை யாரும் பகைமையால் எடுக்கவில்லை. நானூறு ஆண்டு மூடியிருந்த கதவை அகலத் திறந்தவர்களே, திறந்த கையோடு சிலவற்றை வெளியில் நிறுத்திவிட்டார்கள். கேட்கச் சொன்னதைக் கோயிலில் கேட்கலாம். காற்புள்ளி தாண்டியதை வீட்டில் படித்துக்கொள்ளலாம்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “அடுத்த ஒற்றைப்படை ஆண்டு இதே வாரம் என்னைப் படிக்க அழைத்தால், குறித்ததைத்தான் படிப்பேன், அண்ணாச்சி. ஆனால் முதல் நாள் இரவே எங்கள் விடுதிப் பெண்களுக்கு அந்த ஏழு வசனத்தையும் படித்துக் காட்டிவிடுவேன்” என்றார்.

அவ்வாறே செய்தார் என்று 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அறிந்தேன்.